முதலாளிக்கு இரவில் அனுப்பும் நாள்கணக்கு: போனில் பார்த்ததும் புரியும்படி அமைப்பது எப்படி

கடையில் இல்லாத முதலாளிக்கு இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போகிறது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அல்லது பேருந்தில் இருப்பார். எக்செல் ஃபைலைத் திறக்க மாட்டார், பிடிஎஃப்பை இரண்டு விரலால் பெரிதாக்கிப் படிக்கவும் மாட்டார். அந்த மெசேஜைப் பார்த்து அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இப்போது கடைக்குப் போன் போட வேண்டுமா, நிம்மதியாகப் படுக்கலாமா?

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கடையை எடுத்துக்கொள்கிறது. சிறு ஊரில் ஒரு ஹார்ட்வேர், பெயிண்ட் கடை. பில் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள், ரொக்கம், ஜிபே, கார்டு, கடன் என நான்கு வழியில் வியாபாரம். இரவில் கணக்கை முடித்து அனுப்புவது கணக்குப்பிள்ளையோ மேனேஜரோ. மளிகைக்கும் ஜவுளிக்கும் தலைப்புகள் மாறும், வரிசை மாறாது.

## 1. ஒரு வாரம் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் முதல் நாளே பில்லிங் சாஃப்ட்வேரில் இருக்கும் எல்லாத் தலைப்பையும் மெசேஜில் கொட்டிவிடுகிறார்கள். ஐட்டம் வாரியாக விற்பனை, வரி, ரவுண்ட் ஆஃப் வரைக்கும். முதலாளி மூன்றாம் நாள் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, பழையபடி போன் போட்டு "எவ்வளவுப்பா ஓடுச்சு?" என்று கேட்கத் தொடங்குவார்.

அதனால் வடிவம் போடும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, முதலாளி போனில் என்னென்ன கேட்கிறார், எந்த வரிசையில் கேட்கிறார் என்று மட்டும் குறியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும்: எவ்வளவு ஓடியது, கையில் எவ்வளவு இருக்கிறது, யாருக்குக் கடன் கொடுத்தாய், பாக்கி எவ்வளவு வந்தது, பேங்கில் கட்டியாயிற்றா. மெசேஜில் இருக்க வேண்டியவை அவைதான். அவர் ஒரு வாரத்தில் ஒரு முறைகூடக் கேட்காத எண் தினசரி மெசேஜுக்கு வேண்டாம், மாதக் கணக்கில் வரட்டும்.

இன்னும் இரண்டு விஷயங்களை அவரிடம் நேரடியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள். கல்லாவில் எத்தனை ரூபாய் வித்தியாசம் வந்தால் அவருக்கு மேல் வரியிலேயே சொல்ல வேண்டும்? சில்லறைக் குறைவு பத்து, இருபது தினமும் வரும். அதைத் தினமும் தலைப்பில் போட்டால் பெரிய குறைவு வரும் நாளில் அவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நம் கடையில் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே போல, ஒருவருக்கு எவ்வளவு பாக்கி ஏறினால் அவரைக் கேட்காமல் சரக்குக் கொடுக்கக் கூடாது என்பதும்.

## 2. முதலில் எண்ணுங்கள், பிறகு கம்ப்யூட்டரைப் பாருங்கள்

மெசேஜின் அமைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எண் தப்பென்றால் பயனில்லை. கணக்கை முடிக்கும் வரிசை இது.

பில் போடுவதை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்துங்கள். ஒன்பது மணிக்குக் கடை என்றால் 9 மணி. அதற்குப் பிறகு வரும் ஆள் நாளைய பில். இது இல்லாவிட்டால் ஒரு நாள் 9.40 வரைக்கும், மறுநாள் 8.50 வரைக்கும் என்று கணக்கு நீண்டு குறுகி, இரண்டு நாளை ஒப்பிடவே முடியாமல் போகும். ஜிபே ஆப் நள்ளிரவில்தான் நாளை மாற்றும் என்பதால், 9 மணிக்குப் பிறகு வந்த பணம் ஆப்பின் இன்றைய மொத்தத்திலும் உங்கள் நாளைய பில்லிலும் இருக்கும். அதை அந்த இரவே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால்தான் மறுநாள் ஜிபே டேலி ஆகும்.

அடுத்து, கம்ப்யூட்டரில் "எவ்வளவு இருக்க வேண்டும்" என்று பார்ப்பதற்கு முன்பே கல்லாவை நோட்டு வாரியாக எண்ணி எழுதிவிடுங்கள். வர வேண்டிய எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கை அந்த எண்ணை நோக்கியே எண்ணும். 500 குறைந்தால் "டீக்கு எடுத்தது இருக்கும்" என்று ஒரு செலவு முளைக்கும். யாரும் திருட வேண்டும் என்று செய்வதில்லை, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நடப்பதுதான்.

கடைசியில் ஜிபே ஆப்பின் மொத்தம், கார்டு மெஷினின் மொத்தம். இவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமல் அந்தந்த இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும். ஏன் என்பது 4-ஆம் பகுதியில் வருகிறது.

## 3. முதல் வரியில் முடிவு

போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது மெசேஜின் தொடக்கம் மட்டும்தான். வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் பட்டியலில் உங்கள் பெயருக்குக் கீழே அதே தொடக்கம்தான் தெரியும். அந்த இடத்தில் பலரும் எழுதுவது இது:

```
வணக்கம் முதலாளி. இன்றைய
விற்பனை விவரம் பின்வருமாறு
```

இதைப் பார்த்தவருக்கு எதுவும் தெரியவில்லை. தேதியில் தொடங்கினாலும் அதே நிலைதான், இன்று என்ன தேதி என்று அவருக்குத் தெரியும். மரியாதை குறையுமோ என்று தயங்க வேண்டாம். வணக்கத்தைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் வரியில் கல்லாவின் நிலை, இரண்டாவது வரியில் விற்பனை. கல்லா சரியாக இருந்தாலும் "கல்லா சரி" என்று எழுத வேண்டும். சரியான நாளில் அந்த வரியை விட்டுவிட்டால், அது இல்லாத நாளில் கணக்குச் சரியாக இருந்ததா, நீங்கள் எண்ணவே இல்லையா என்று அவருக்குத் தெரியாது. விற்பனையை முதலில் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். விற்பனை குறைந்த நாளில் இரவு பத்து மணிக்கு முதலாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கல்லா குறைந்தால் அன்றிரவே விசாரிக்க வேண்டும், மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

## 4. உடல் பகுதி: விற்பனை வேறு, பணம் வேறு

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பழைய பாக்கி வசூல் ஆனதை விற்பனையில் சேர்ப்பார்கள், கடன் பில்லை விற்பனையில் விட்டுவிடுவார்கள். பிறகு மொத்தம் எதோடும் ஒத்துப்போகாது. விற்பனை என்றால் இன்று போட்ட பில், பணம் வந்தாலும் வராவிட்டாலும். வசூல் என்றால் முன்பே போட்ட பில்லுக்கு இன்று வந்த பணம். இரண்டுக்கும் தனித்தனித் தலைப்பு வேண்டும்.

நம் கடையில் ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். ரிட்டர்ன் போக விற்பனை 1,42,650. அதில் ரொக்கம் 61,400, ஜிபே 48,250, கார்டு 9,000, கடன் 24,000. பழைய பாக்கி ரொக்கமாக 12,000, ஜிபேயில் 6,500 வந்தது. செலவு 3,850: லோடு இறக்கிய கூலி 2,400, ஆட்டோ 950, டீ, தண்ணீர் 500. மதியம் பேங்கில் 60,000 கட்டினார்கள். முந்தின இரவு கல்லாவில் எண்ணி வைத்தது 28,600.

கல்லாவில் இருக்க வேண்டியது: 28,600, ரொக்க விற்பனை 61,400, ரொக்க வசூல் 12,000 சேர்ந்து 1,02,000. அதில் செலவும் பேங்கில் கட்டியதும் போக 38,150. எண்ணிப் பார்த்தால் 37,650. குறைவு 500.

குறைவு என்று எழுதும் முன் ஜிபேயைப் பாருங்கள். விற்பனையும் வசூலும் சேர்த்து 54,750 வந்திருக்க வேண்டும். ஆப்பில் 55,250 இருந்தால் பணம் எங்கும் போகவில்லை: ஜிபேயில் வந்த ஒரு 500 ரூபாய் பில்லை ரொக்கம் என்று அடித்திருக்கிறார்கள். அந்தப் பில்லைத் தேடித் திருத்தினால் இரண்டும் சரியாகிவிடும், முதலாளிக்குக் குறைவு என்று சொல்லத் தேவையில்லை. ஜிபே மொத்தத்தைக் கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்தவருக்கு இந்தத் தப்பு எப்போதும் கண்ணில் படாது. நம் கடையில் ஆப்பிலும் 54,750-தான், கார்டு மெஷினிலும் 9,000-தான். ஆக இது உண்மையான குறைவு.

போக வேண்டிய மெசேஜ் இது:

```
*கல்லா ₹500 குறைவு*
*விற்பனை ₹1,42,650*
போன வெள்ளி ₹1,31,200

*விற்பனை வந்த வழி*
₹61,400 ரொக்கம்
₹48,250 ஜிபே
₹9,000 கார்டு
₹24,000 கடன்

*பழைய பாக்கி வசூல்*
₹12,000 ரொக்கம்
₹6,500 ஜிபே

*கல்லா*
₹28,600 நேற்று இருப்பு
₹3,850 செலவு
₹60,000 பேங்கில் கட்டியது
₹38,150 இருக்க வேண்டும்
₹37,650 எண்ணியது

*நீங்கள் சொல்ல வேண்டியது*
மேலத்தெரு மேஸ்திரி பாக்கி
₹86,000 ஆகிவிட்டது.
நாளை சரக்குக் கொடுக்கலாமா?

நாள்கணக்கு 14-11-2025
```

ஒப்பீட்டுக்கு நேற்றைய விற்பனையைப் போடாமல் போன வாரம் இதே கிழமையைப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ஹார்ட்வேர் கடையில் சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் ஒரு ஓட்டம் இருக்கும், ஞாயிறு வேறு மாதிரி. நேற்றோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் வியாபாரம் விழுந்துவிட்டதாகத் தோன்றும். சதவீதம் வேண்டாம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் முதலாளியே மனக்கணக்காகப் பார்த்துக்கொள்வார், நம்மைவிட வேகமாக.

"சொல்ல வேண்டியது" பகுதியில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் "கொடு", "வேண்டாம்" என்று ஒரு சொல்லில் பதில் வரும்படி. "மேஸ்திரி பாக்கி அதிகமாக உள்ளது, கவனிக்கவும்" என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? கேள்வி இல்லாத நாளில் அந்தத் தலைப்பையே எடுத்துவிடுங்கள்.

மறுநாள் ஒரு சிறு பொறி இருக்கிறது. "நேற்று இருப்பு" என்ற இடத்தில் எண்ணிய 37,650 வர வேண்டும். பலர் இருக்க வேண்டிய 38,150-ஐப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் அதே 500 நாளையும் குறைவாகக் காட்டும், நாளை மறுநாளும். "தினமும் 500 போகிறது" என்று கடைப் பையன் மேல் சந்தேகம் விழுவதற்கு இந்த ஒரு வரி போதும்.

## 5. வாட்ஸ்அப் செய்யும் சேட்டைகள்

எண்ணை முன்னால் போட்டு, பெயரைப் பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் எண்கள் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வாட்ஸ்அப்பில் வலது ஓரத்தில் நிறுத்த வழியில்லை. இடைவெளி தட்டி நிறுத்தினாலும், தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம் என்பதால் உங்கள் போனில் நேராக நிற்பது அவர் போனில் கோணலாகும். மூன்று பேக்டிக் குறி போட்டு வரும் தட்டச்சு எழுத்தும் தமிழுக்குக் கைகொடுக்காது. இடது ஓரம் மட்டுமே எல்லாப் போனிலும் நேராக இருக்கும். ஆகவே எண் அங்கே.

ஒரு வரி இருபது, இருபத்தைந்து எழுத்தைத் தாண்டாமல் பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்த முதலாளிகள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். "இன்று பேங்கில் செலுத்தப்பட்ட மொத்தத் தொகை ₹60,000" என்று எழுதினால் ₹60,000 தனியாக அடுத்த வரிக்கு விழுந்து, கீழே இருக்கும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

வரியின் தொடக்கத்தில் கழித்தல் குறி போட்டு இடைவெளி விட்டால் வாட்ஸ்அப் அதைப் பட்டியல் புள்ளியாக மாற்றிவிடும். "- 500" என்று நீங்கள் அடித்தது, "• 500" என்று அவருக்குப் போகும். குறைவு, அதிகம் என்று சொல்லாகவே எழுதுங்கள். தடித்த எழுத்துக்கான நட்சத்திரமும் சொல்லை ஒட்டியே இருக்க வேண்டும். `* விற்பனை *` என்று இடைவெளி விட்டால் தடிப்பு வராது, அதுவும் புள்ளியாகிவிடும். தடித்த எழுத்து மேல் இரண்டு வரிக்கும் தலைப்புகளுக்கும் மட்டும் போதும். எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் தடித்ததாகத் தெரியாது.

லட்சத்துக்கான கமா 1,42,650 என்றுதான் இருக்க வேண்டும். 142,650 என்று வந்தால் படிப்பவர் ஒரு நொடி நின்று எண்ணுவார். பத்து இலக்க பில் நம்பரையோ அக்கவுண்ட் நம்பரையோ அப்படியே போட்டால் வாட்ஸ்அப் அதைப் போன் நம்பர் என்று நினைத்து நீலமாக்கிவிடும், விரல் பட்டால் டயல் திரை வரும். கடைசி நான்கு இலக்கம் போதும்.

மெசேஜ் நீண்டால் நடுவில் வெட்டி "Read more" என்று காட்டும். அப்படி வந்தால் ஏதோ ஒரு பகுதி அதிகம் என்று அர்த்தம். அநேகமாக அது செலவுப் பட்டியலாக இருக்கும். மொத்தம் மட்டும் போதும், விவரம் கேட்டால் சொல்லலாம்.

## 6. எக்செலில் இருந்து எடுப்பது

தினமும் கையால் அடித்தால் நேற்றைய மெசேஜை நகல் எடுத்து எண்ணை மட்டும் மாற்றுவீர்கள், ஏதாவது ஒரு எண் நேற்றையதாகவே நின்றுவிடும். எக்செலில் எண்களை ஒரு இடத்தில் அடித்து, மெசேஜ் வரிகள் தானாக வரும்படி வைப்பது நல்லது. வரிக்கு ஒரு செல், எல்லாம் ஒரே நெடுவரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக:

```
="₹"&TEXT(B3,"[>=100000]##\,##\,##0;##,##0")&" ரொக்கம்"
```

சதுர அடைப்பும் அதை அடுத்து வரும் `##\,##\,##0`-உம் சேர்ந்துதான் லட்சக் கமாவைக் கொண்டுவருகின்றன. வெறும் `#,##0` போட்டால் கம்ப்யூட்டரின் நாட்டு அமைப்பைப் பொறுத்து 142,650 என்று வந்துவிடலாம். முழு மெசேஜையும் ஒரே செல்லில் வரி உடைத்து வைக்காதீர்கள். அந்த செல்லை நகல் எடுத்து ஒட்டும்போது முன்னும் பின்னும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும், முதல் வரியின் அழகே போய்விடும். தனித்தனி செல்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து வாட்ஸ்அப்புக்கு எடுத்தால் ஒவ்வொன்றும் தன் வரியில் உட்காரும்.

## 7. அனுப்பும் வரிசையும் திருத்தமும்

பேங்க் சலான், லோடு பில் போன்ற போட்டோக்களை முதலில் அனுப்பிவிட்டு, நாள்கணக்கைக் கடைசியாக அனுப்புங்கள். பட்டியலில் தெரிவது கடைசியாக வந்த மெசேஜின் தொடக்கம். கணக்கை அனுப்பிவிட்டு பின்னாலேயே போட்டோ அனுப்பினால் அங்கே "Photo" என்றுதான் இருக்கும், நீங்கள் கஷ்டப்பட்டு எழுதிய முதல் வரி உள்ளே போய்விடும். "குட் நைட் முதலாளி" என்று அனுப்பினாலும் இதே கதி.

கணக்கையே போட்டோவாக அனுப்பும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அதில் எண்ணைத் தேட முடியாது, பட்டியலில் முதல் வரியும் தெரியாது. கடைசி வரியில் "நாள்கணக்கு" என்ற சொல்லையும் தேதியையும் தினமும் ஒரே மாதிரி எழுதுவது தேடலுக்காகத்தான். அந்தச் சொல்லைத் தேடினால் கணக்குகள் மட்டும் வரிசையாக வரும்.

தப்பு கண்ணில் பட்டால், அனுப்பிய 15 நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பில் அதையே திருத்தலாம். ஆனால் திருத்தியதற்கு அவர் போனில் மணி அடிக்காது. அவர் முன்பே படித்திருந்தால் பழைய எண்ணோடுதான் தூங்குவார். இரண்டு நீல டிக் விழாதபோது மட்டும் திருத்துங்கள். நீல டிக் தெரியாதபடி அவர் வைத்திருந்தால் படித்துவிட்டார் என்றே வைத்துக்கொண்டு, திருத்தாமல் புதிதாக ஒன்று அனுப்புங்கள், தப்பான வரி மட்டும்:

```
*திருத்தம்: வசூல் ஜிபே*
₹5,600 தவறு
₹6,500 சரி
கல்லா மாறவில்லை
```

முழுக் கணக்கையும் மறுபடி அனுப்பினால் எது மாறியது என்று அவர் இரண்டையும் வைத்துத் தேட வேண்டியிருக்கும். பழையதை அழிக்கவும் வேண்டாம். "இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது" என்ற வரி கணக்கு விஷயத்தில் தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும்.

## 8. அவர் போனிலேயே பாருங்கள்

வடிவம் முடிந்ததும் அவர் கடைக்கு வரும் நாளில் அவர் போனில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எந்த வரி உடைகிறது, பூட்டிய திரையில் முதல் வரி முழுதாகத் தெரிகிறதா, ₹ குறி வருகிறதா. சில பழைய போன்களில் அது கட்டமாகத் தெரியும். அப்படியென்றால் "ரூ." போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு போனை அவர் கையில் கொடுத்து, மெசேஜை ஒரு தரம் பார்க்கச் சொல்லி, திரையை அணைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: கல்லா எப்படி, கடன் எவ்வளவு போனது? கல்லாவை உடனே சொல்லி, கடனுக்கு மட்டும் தடுமாறினால் கடன் வரி நான்காவதாக நிற்பதுதான் காரணம். அவருக்குக் கடன்தான் முக்கியம் என்றால் அதை ரொக்கத்துக்கு மேலே ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு குறைந்தது ஒரு மாதத்துக்கு வரிசையில் கை வைக்காதீர்கள். எந்த எண் எந்த இடத்தில் இருக்கும் என்று கண் பழகிய பிறகு அவர் பெயர்களைப் படிக்க மாட்டார், இடத்தைப் பார்த்தே எண்ணை எடுத்துக்கொள்வார். அந்த நேரத்தில் ஜிபேயையும் கார்டையும் இடம் மாற்றினால் கார்டில் 48,250 வந்ததாக நினைத்துக்கொண்டு மறுநாள் பேங்க்குக்குப் போன் போடுவார்.